மடிப்பில் பிலிம் எழும்பிய மடிக்கும் போன்: வயல் வேலைக்குத் தாங்குமா?

சாகாமம்_வயல்

எல்லோருக்கும் வணக்கம். நான் விவசாயப் போதனாசிரியர். வீடு அக்கரைப்பற்றில், வேலை சாகாமம் பக்கத்து வயல்களில். டோஹாவில் இருக்கும் அண்ணா அடுத்த மாதம் வருகிறார். அவர் 2 வருடம் பாவித்த மடிக்கும் போனை எனக்குத் தருவதாகச் சொல்கிறார். குறுக்காக மடிந்து சட்டைப் பைக்குள் அடங்கும் சின்ன வகை. பெட்டியில் IPX8 என்று போட்டிருக்கிறதாம்.

சும்மா தரவில்லை, பாதி விலை கொடுக்க வேண்டும். அதனால்தான் யோசிக்கிறேன். நேற்று வீடியோ கோலில் காட்டினார். மடிப்பின் இடது ஓரத்தில் ஏதோ நீர்க்கோடு மாதிரி மினுங்குகிறது. "அது பிலிம் கொஞ்சம் எழும்பியிருக்கு, ஒன்றுமில்லை" என்கிறார்.

என் நாள் இப்படித்தான் போகும்: காலையில் மோட்டார் சைக்கிளில் 14 கிலோமீற்றர், பிறகு வரம்பில் நின்று இலையில் நோய் இருக்கிறதா என்று படம் எடுப்பது, வெள்ளாமை வெட்டு நேரம் சுணைக்குள் நிற்பது, பின்னேரம் பிள்ளைகளோடு கடற்கரை. போன் ஒரு நாளைக்கு நூறு தரம் வெளியே வரும். இந்தப் போன் எனக்குச் சரிவருமா?

மட்டுநகர்_பிரியன்

தாராளமாக எடுங்கள் அக்கா. இந்தப் போன்களை 200,000 தரம் மடித்துப் பார்த்துத்தான் விற்கிறார்கள். ஒரு நாளைக்கு 100 தரம் என்றால் 2000 நாள், அதாவது ஐந்தரை வருடம். அண்ணா 2 வருடம் பாவித்தாலும் மூன்று வருடத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறது. IPX8 என்பதால் தண்ணீரும் போகாது, தூசியும் போகாது. பயப்படாமல் கடலுக்கே கொண்டுபோகலாம்.

பழைய_தபால்

பிள்ளை, மடிக்கிற போன் நல்ல சாமான். நான் ஓய்வு பெற்ற தபாலதிபர். 2006இல் மகன் வாங்கித் தந்த மடிக்கிற போன் இன்றைக்கும் வேலை செய்கிறது. மூன்று தரம் கீழே விழுந்தது. கீல் ஆடவில்லை, எழுத்துப் பொத்தான் மட்டும்தான் தேய்ந்தது. பட்டறி ஒருதரம் மாற்றினேன். நம்பி எடுங்கள்.

கல்முனை_சோல்டர்

கல்முனையில் 15 வருடமாகப் போன் பழுது பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

ஐயா, உங்கள் போனில் மடிந்தது கீல் மட்டும்தான். திரை மேல் பாதியில் தனியாகவும் பொத்தான்கள் கீழ்ப் பாதியில் தனியாகவும் இருந்தன. நடுவில் ஒரு சின்னக் கேபிள் போனது, அவ்வளவுதான். தங்கச்சி கேட்கிற போனில் திரையே மடிகிறது. அதனால் உங்கள் போனின் ஆயுளை வைத்து இதைச் சொல்ல முடியாது.

பிரியன் தம்பி, உங்கள் கணக்குச் சரி, முடிவுதான் பிழை. அந்த 200,000 தரத்தையும் ஒரு இயந்திரம் சுத்தமான அறைக்குள் ஒரே வேகத்தில் மடிக்கிறது. அங்கே மணல் இல்லை, சுணை இல்லை, வியர்வைக் கை இல்லை. என் மேசைக்கு வந்த மடிக்கும் போன்களில் மடிப்பு எண்ணிக்கை முடிந்து செத்தது என்று ஒன்றைக்கூடச் சொல்ல மாட்டேன். உள்ளே ஏதாவது புகுந்திருக்கும், அல்லது மேல் பிலிம் எழும்பியதைக் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

IPX8ஐயும் பிழையாக வாசித்துவிட்டீர்கள். முதலாவது இடம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தூசிக்குரிய இடத்தில் X இருந்தால் அதற்கு எந்த உறுதியும் தரவில்லை என்று அர்த்தம். 2021இல் வந்த சாம்சுங் ஃபோல்ட் 3 முதல் சில வருடம் அப்படித்தான் இருந்தது. 2024இல் ஃபோல்ட் 6க்கு IP48 வந்தது. அந்த 4, ஒரு மில்லிமீற்றருக்குப் பெரிய சாமான் உள்ளே போகாது என்பதற்கு. நம் கடற்கரை மணலை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், பெரும்பாலான மணி அரை மில்லிமீற்றர்கூட இராது. தூசிக்கு முழு 6 போட்டு IP68 என்று வந்தது 2025இன் பிக்சல் 10 புரோ ஃபோல்ட். தங்கச்சியின் அண்ணா வைத்திருப்பது அதுவல்ல.

கடல் என்றும் சொன்னீர்கள். 8 என்ற அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. உப்புத் தண்ணீருக்கு அது பேசாது.

மட்டுநகர்_பிரியன்

சரி அண்ணா, X பற்றி எனக்குத் தெரியாது, பூச்சியம் மாதிரி ஏதோ என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று விளங்கவில்லை. தண்ணீர் போகாத இடைவெளிக்குள் மணல் எப்படிப் போகும்? தண்ணீர் மணலைவிட நுண்ணியதுதானே?

கல்முனை_சோல்டர்

நல்ல கேள்வி. தண்ணீர் கீலுக்குள் போகாது என்று யாரும் சொல்லவில்லை. சர்க்கிட் போர்ட், பட்டறி இருக்கிற இரண்டு அறைகளைத்தான் பசையாலும் ரப்பராலும் அடைத்திருக்கிறார்கள். ஒரு பாதியிலிருந்து மற்றப் பாதிக்குப் போகிற கேபிளின் துவாரமும் அடைபட்டிருக்கும். கீல் திறந்த இடம். அது அசைய வேண்டுமே, அடைத்தால் எப்படி அசையும்? தண்ணீர் அதற்குள் போய் மறுகா வெளியே வழிந்துவிடும். மணல் போனால் வழியாது. கீலின் பற்களுக்கிடையே நிற்கும், இல்லாவிட்டால் திரையின் முதுகுக்கும் அதைத் தாங்குகிற உலோகத் தகட்டுக்கும் இடையே ஏறும். அங்கிருந்து ஒவ்வொரு மடிப்பிலும் திரையை உள்ளிருந்து குத்தும். கீலின் ஓரத்தில் பல்துலக்கும் பிரஷ் மாதிரி நுண்ணிய நார் வைக்கிறார்கள். அது குறைக்கும், முற்றாகத் தடுக்காது.

காத்தான்குடி_புடவை

அஸ்ஸலாமு அலைக்கும். பிலிம் விசயத்தில் என் கதையைக் கேளுங்கள், தங்கச்சி. புடவைக் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் எனக்கும் இதேபோல மடிப்பின் நடுவில் எழும்பியது. முதலில் ஒரு அரிசி நீளம். நகத்தால் அமத்தினேன், காற்று பக்கத்துக்குப் போனது. இரண்டு வாரத்தில் மடிப்பு முழுக்க ஓடிவிட்டது. பார்க்க அசிங்கமாக இருந்தது. சாதாரண போனில் ஒட்டுகிற ஸ்கிரீன் கார்ட்தானே என்று நினைத்து ஒரு பக்கத்திலிருந்து உரித்து எறிந்தேன்.

உரித்தபின் திரை வழவழவென்று புதுப் போன் மாதிரி இருந்தது. பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் கடையைத் திறக்கும்போது போனையும் திறந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், மடிப்பில் ஒரு வெள்ளைக் கோடு. பின்னேரம் அந்தக் கோட்டுக்குக் கீழே பாதித் திரை பச்சை. திரை மாற்றக் கேட்ட காசுக்கு இரண்டு நல்ல சாதாரண போன் வாங்கியிருக்கலாம். கவனிக்காமல் விட்டது என் பிழை, அதனால்தான் எழுதுகிறேன். அண்ணாவிடம் சொல்லுங்கள், அதை உரிக்க வேண்டாம்.

கல்முனை_சோல்டர்

காக்கா சொன்னதுதான் இந்தப் போன்களின் முக்கியமான இடம். 2019 ஏப்ரலில் முதலாவது சாம்சுங் ஃபோல்டைச் செய்தியாளர்களிடம் கொடுத்தபோது சிலர் இதையேதான் செய்தார்கள். கழற்றுகிற பிலிம் என்று நினைத்து உரித்தார்கள், திரை செத்தது. வேறு சிலருக்குக் கீல் ஓரத்தால் குப்பை புகுந்தது. கொம்பனி விற்பனையைத் தள்ளிவைத்து, பிலிமின் விளிம்பைச் சட்டத்துக்குக் கீழே சொருகி, கீலின் இரு முனைக்கும் மூடி போட்டு, அந்த வருடம் செப்டெம்பரில்தான் விற்றது.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், பிறகு உங்களுக்கே விளங்கும். நீங்கள் விரலால் தொடுவது மெல்லிய பிளாஸ்டிக் பிலிம். அதற்குக் கீழே கண்ணாடி இருக்கிறது, ஆனால் அது 30 மைக்ரோன், உங்கள் தலைமயிரைவிட மெல்லியது. அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் மடிகிறது. அதற்குக் கீழே படம் காட்டுகிற தாள், அதற்கும் கீழே உலோகத் தகடு. ஒவ்வொரு அடுக்கையும் அடுத்ததோடு சேர்ப்பது ஒரு மெல்லிய பசை.

ஒரு கொப்பியை நடுவில் மடியுங்கள். தாள்களின் ஓரம் படிக்கட்டு மாதிரி நகர்ந்து நிற்கும். இந்தத் திரையிலும் ஒவ்வொரு மடிப்புக்கும் அடுக்குகள் அப்படி ஒன்றன்மேல் ஒன்று நகரப் பார்க்கும். அந்த நகர்வை முழுக்கத் தாங்குவது பசை. மடித்து விரித்து மடித்து விரித்து பசை களைக்கும். கடைசியில் மேலே இருக்கிற பிலிம் விடும், அதுவும் மடிப்புக் கோட்டில்தான் முதலில் விடும். அண்ணாவின் போனில் மினுங்குகிற நீர்க்கோடு அதுதான்.

பிலிம் எழும்பினால் போன் செத்தது என்று இல்லை. பிலிம் என்பது தேய்ந்தால் மாற்றுகிற சாமான், பைக்குக்குப் பிரேக் கட்டை மாதிரி. ஆனால் எழும்பிய இடத்துக்குள் ஒரு மணி மணல் போனால், மூடும்போதெல்லாம் அது அந்த 30 மைக்ரோன் கண்ணாடியில் அழுந்தும். காக்காவின் போனில் பிலிமே இல்லாமல் கண்ணாடி 11 நாள் நின்றது என்றால் அது நல்ல பாடுபட்டிருக்கிறது.

சாகாமம்_வயல்

கொப்பி உதாரணத்தில் நன்றாக விளங்கிவிட்டது அண்ணா. அப்படியானால் மடிப்பில் தெரியும் பள்ளம்? விரலை ஓட்டினால் தட்டுப்படுகிறதாம். அதுவும் பழுதா?

கல்முனை_சோல்டர்

பள்ளம் இயல்பு, புதுப் போனிலும் இருக்கும். முதல் சில மாதம் கொஞ்சம் ஆழமாகும், பிறகு அப்படியே நிற்கும். பார்க்க வேண்டியது அது வளைவாக இருக்கிறதா, முறிவாக இருக்கிறதா என்று.

அண்ணாவிடம் இதைச் செய்யச் சொல்லுங்கள். திரையை அணைத்துவிட்டு, போனை முழுக்க விரித்து ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடிக்கட்டும். லைட்டின் வெள்ளைக் கோடு திரையில் விழும். போனை மெதுவாகச் சரித்து அந்தக் கோட்டை மடிப்புக்கு மேலால் ஓடவிடட்டும். கோடு ஆறு வளைவதுபோல வளைந்து போனால் நல்லது. ஒரு இடத்தில் டக்கென்று உடைந்து இரண்டு துண்டாகத் தெரிந்தால், அல்லது எண்ணெய் மிதக்கிற மாதிரி வானவில் நிறம் தெரிந்தால், அங்கே பிலிம் விட்டிருக்கிறது. அந்த நீளத்தை அளந்து சொல்லட்டும்.

அடுத்தது, குறிப்பு எழுதுகிற செயலியைத் திறந்து விரலால் மேலிருந்து கீழே மெதுவாகக் கோடு கீறட்டும், நாலு ஐந்து இடத்தில். மடிப்பைக் கடக்கும்போது கோடு அறுந்தால் தொடுகை போய்விட்டது, எடுக்க வேண்டாம்.

கடைசியாகக் கீல். அமைதியான அறையில் காதுக்குப் பக்கத்தில் வைத்து மெல்லத் திறக்க வேண்டும். சீனியை அரைக்கிற மாதிரி கரகர என்றால் உள்ளே மணி இருக்கிறது. பாதி திறந்து மேசையில் வைத்தால் அப்படியே நிற்க வேண்டும், தானாக விழக்கூடாது. முழுக்கத் திறந்தால் தட்டையாக வர வேண்டும். மூடினால் கீல் பக்கம் இடைவெளி தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம். 2023க்கு முந்திய மொடல்கள் பலதில் அது இயல்பாகவே இருக்கும்.

ஏறாவூர்_வெல்டிங்

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மணலைவிட மோசமானது இரும்புத் தூள். எங்கள் பட்டறையில் கிரைண்டர் ஓடும். மடிக்கும் போனில் இரண்டு பாதியும் ஒட்டி நிற்க விளிம்பில் காந்தம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. ஒரு நாள் பார்த்தால் உள்விளிம்பில் கறுப்பாகப் பூனை மயிர் மாதிரி வரிசையாக நிற்கிறது, எல்லாம் இரும்புத் தூள். துணியால் துடைத்தேன். ஒரு தூள் திரைக்கு நகர்ந்திருக்கிறது, கவனிக்காமல் மூடிவிட்டேன். அடுத்த நாள் கடுகளவு கறுப்புப் புள்ளி, ஒரு மாதத்தில் ஐம்பது சதக் குத்தியளவு.

ஒட்டும் டேப்பை விளிம்பில் மெல்லத் தொட்டுத் தொட்டு எடுத்தால் தூள் வரும். துடைத்தால் நகரும்.

கல்லடி_பாலம்

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள், எனக்குக் கவலையாக இருக்கிறது. நான் மூன்று வருடமாகப் புத்தகம் மாதிரி விரியும் பெரிய போன் பாவிக்கிறேன். கணக்காளர் வேலை. கணக்குத் தாளும் கடிதமும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வரும், பஸ்ஸில் இருந்து கொழும்புக்குப் போகும்போதே வேலை முடிந்துவிடும். எனக்கு எந்தப் பழுதும் வரவில்லை. பிலிம் ஒருதரம் சேவிஸ் நிலையத்தில் மாற்றினேன், ஒரு மணித்தியாலம் எடுத்தது.

கச்சான் காலத்தில் காருக்குள் விட்டுவிட்டுக்கூட இறங்கியிருக்கிறேன். சூட்டால் பசை இளகும் என்று ஒரு கதை சுற்றுகிறது. என் போனில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

கல்முனை_சோல்டர்

அக்கா, உங்கள் வேலைக்கு அது அருமையான போன். மறுக்கவில்லை. நாள் முழுக்க மேசை, பஸ், கைப்பை. மணலும் இல்லை, சுணையும் இல்லை.

சூடு விசயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். ஓட்டோவில் கண்ணாடிக்கு முன்னால் மாட்டிவைக்கிற ஆட்களின் போன்களில்தான் பிலிம் கெதியாக விடுவதைப் பார்க்கிறேன். ஆனால் என்னிடம் வருவது பழுதானவை மட்டும். பழுதாகாத போன் என் கடைப் படி ஏறாது. அதனால் என் அனுபவமும் ஒரு பக்கக் கணக்குத்தான்.

கல்லடி_பாலம்

அதுவும் சரிதான். என்னுடையதும் ஒரே ஒரு போன். ஆனால் ஓட்டோக்காரருக்குச் சூடு மட்டுமா? திறந்தபடியே நாள் முழுக்க அதிர்வு, தூசி, வெயில் எல்லாம் சேர்ந்துதானே வருகிறது. சூடுதான் காரணம் என்று எப்படிப் பிரித்தெடுப்பீர்கள்?

கல்முனை_சோல்டர்

பிரித்தெடுக்க முடியவில்லை அக்கா. அதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

சாகாமம்_வயல்

அண்ணா நேற்று இரவு எல்லாம் செய்து பார்த்தார், நான் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன். ட்யூப் லைட்டில் இடது ஓரத்திலிருந்து 6 மில்லிமீற்றர் வரை கோடு உடைகிறது. மிச்ச இடமெல்லாம் அழகாக வளைந்து போகிறது. விரலால் கீறிய கோடு ஓரிடத்திலும் அறவில்லை. கீலில் சத்தம் இல்லை, பாதியில் வைத்தால் நிற்கிறது. மூன்று மாதத்துக்கு முன்பு 2 மில்லிமீற்றர்தான் இருந்தது என்று இப்போதுதான் சொல்கிறார்.

கல்முனை_சோல்டர்

மூன்று மாதத்தில் 2 மில்லிமீற்றர் 6 ஆனது என்றால் அது நிற்காது, ஓடும். ஆனால் கீலும் தொடுகையும் நல்லது, கண்ணாடியும் இன்னும் தப்பியிருக்கிறது. அதனால் போனை ஒதுக்கத் தேவையில்லை.

ஒன்று மட்டும் கட்டாயம். பிலிமை அங்கேயே, அந்தக் கொம்பனியின் சேவிஸ் நிலையத்தில் மாற்றிவிட்டுக் கொண்டுவரட்டும். என் கடையில் அதை ஒட்டுகிற அச்சு இல்லை, அப்படி வருகிறவற்றை நான் கொழும்புக்குத்தான் அனுப்புகிறேன். கையால் ஒட்டினால் மடிப்பில் காற்று நிற்கும். கடைகளில் தொங்குகிற தடித்த பிலிமை வாங்கி ஒட்டவும் வேண்டாம். சிலது மூடுவதற்கே இடம் விடாது. பழைய பிலிமை எடுத்தபிறகு கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று அங்கே கேட்டுப் பார்க்கட்டும். இருந்தால் பாதி விலை கூட அதிகம். உள்திரை போனால் பல மொடல்களில் திரையை மட்டும் தரமாட்டார்கள். சட்டம், கீல் எல்லாம் சேர்ந்த ஒரே துண்டாக வரும், அதனால்தான் காக்காவுக்கு அந்த விலை சொன்னார்கள்.

வயலுக்கு என்னிடம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெள்ளாமை வெட்டுக்குள் அதைத் திறந்து மூடவே கூடாது.

காத்தான்குடி_புடவை

தங்கச்சி, பழைய போனை விற்றுவிடாதீர்கள். வயலுக்கு அதைக் கொண்டுபோங்கள். கடற்கரைக்கும் அதுதான்.

சாகாமம்_வயல்

இரண்டு போனைத் தூக்கிக்கொண்டு திரிய எனக்கு விருப்பமில்லை காக்கா. ஆனால் வேறு வழி தெரியவில்லை. வட்சப்பில் விவசாயிகள் படம் அனுப்புவது அலுவலக இலக்கத்துக்கு, அந்த சிம் பழைய போனிலேயே இருக்கட்டும்.

பழைய_தபால்

சோல்டர் தம்பி, நான் கேள்வியைப் பிழையாக விளங்கிக்கொண்டேன். திரையே மடிகிறது என்பதைப் பேரன் நேற்றுக் கடையில் காட்டினான். ஒரு சந்தேகம். கடலில் விழுந்தால் என்ன செய்வது? எங்கள் வீடு திருக்கோவிலில், பேரன் அதை வாங்கினால் கட்டாயம் ஒரு நாள் விழும்.

கல்முனை_சோல்டர்

ஐயா, IPX8 அல்லது IP48 போட்ட போன் என்றால், உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும், கீல் பக்கம் நன்றாக. உப்பு காய்ந்துவிட்டால் கீலுக்குள் கட்டியாக நிற்கும். பிறகு விரித்தபடி நிழலில் வைத்து ஒரு நாள் விடுங்கள், சார்ஜில் போட வேண்டாம். மணல் பட்டிருந்தால் அலசி முடியும்வரை மூடவே கூடாது, மூடினால்தான் கீறும். ரயர் கடைக் கம்ப்ரஷரால் காற்று அடிப்பார்கள், அது மணலை இன்னும் உள்ளே தள்ளும். கீலுக்கு எண்ணெய் விடுவதும் அப்படித்தான், தூசி எண்ணெயில் ஒட்டிச் சாந்தாகும்.

சாகாமம்_வயல்

அண்ணா சேவிஸ் நிலையத்துக்குப் போய்வந்தார். பிலிம் மாற்றிவிட்டார்கள். கண்ணாடியில் கீறல் இல்லையாம். மடிப்பின் இடது ஓரத்தில் மட்டும், பழைய பிலிம் எழும்பியிருந்த அதே இடத்தில், மங்கலான ஒரு தடம் தெரிகிறது என்று அங்கே வேலை செய்பவர் காட்டியிருக்கிறார். அது பசையா, அழுத்திய அடையாளமா என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. விலையைக் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்கிறார் அண்ணா. வெள்ளிக்கிழமை வருகிறார்.

கல்முனை_சோல்டர்

வந்ததும் ட்யூப் லைட்டுக்குக் கீழே அந்த இடத்தைக் கிட்டப் படம் எடுத்துப் போடுங்கள் தங்கச்சி. ஒரு மாதம் கழித்து அதே இடத்தை, அதே வெளிச்சத்தில் இன்னொன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பசையா கீறலா என்று சொல்லலாம்.